தொட்டால் தெரியும், சுட்டால் தெரியுமா?

(சங்க ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



உடல்நலம் பற்றிச் சிறிது நேரம் பேசுமாறு செயலாளர் கேட்டுக்கொண்டபோது, தொழுநோயையும் நீரிழிவையும் ஒன்றாகச் சேர்த்துப் பேசுவதென்று முடிவு செய்தோம். இவ்விரண்டுக்கும் என்ன உறவு என்று பலர் வியப்புறலாம். ஒன்று கிருமியால் வருவது. மற்றொன்று இரத்தத்திலே சர்க்கரை மிகுவதால் வருவது. ஒன்றின் பெயரைச் சொல்லவும் நாக்கூசுகிறோம். மற்றொன்றைப் பற்றிக் கல்யாணப் பந்தியிலே உரக்கப் பேசிக்கொள்கிறோம். ஆயினும் இரண்டும் போய்த் தாக்குகின்ற இடம் ஒன்றே. அது நரம்பு. இரண்டிலும் முடிவில் கையையும் காலையும் கெடுப்பது நோயன்று. நோவு தெரியாமற் பட்ட காயமே.

"மரத்துப்போயிற்று" என்று ஒரே சொல்லால் நாம் சொல்லிவிடுகிறோம். உண்மையில் மரத்துப்போவதில் இரண்டு வகை உண்டு. எந்த வகை என்று தெரிந்தால்தான், எந்தக் காயத்துக்கு அஞ்ச வேண்டும் என்பது தெரியும். இன்று நாம் சொல்ல வந்தது இவ்வளவே. அதைச் சற்று விரிவாகச் சொல்கிறோம்.

இரண்டு வகை இழைகள்

ஒரு நரம்பை வெட்டிப் பார்த்தால், அது ஒற்றைக் கம்பி அன்று. பல நூறு, பல ஆயிரம் இழைகள் சேர்ந்த கற்றை என்பது விளங்கும். அவ்விழைகளிலே சில பருத்தவை. கொழுப்பாலாகிய தடித்த உறை அவற்றின்மேல் சுற்றியிருக்கும். சில மிக மெல்லியவை. அவற்றுக்கு உறை சிறிதளவே உண்டு, அல்லது இல்லவே இல்லை.

இவ்விரு வகையும் ஒரே வேலையைச் செய்வதில்லை. பருத்த இழைகள் தொடுதலையும், அழுத்தத்தையும், அதிர்வையும், மூட்டு எந்த நிலையில் மடங்கியிருக்கிறது என்பதையும் மூளைக்கு அறிவிப்பவை. மெல்லிய இழைகள் சூட்டையும், குளிர்ச்சியையும், நோவையும் அறிவிப்பவை. வியர்வைச் சுரப்பிகளை இயக்குகின்றவையும் மெல்லிய இழைகளே.

இதனை நாம் ஒவ்வொருவரும் நம் உடம்பிலேயே அறிந்திருக்கிறோம். இருட்டிலே கால் விரலை வாசற்படியில் இடித்துக்கொள்கிறோம். இடித்தது என்பது உடனே தெரிகிறது. "ஐயோ, இனி வலிக்கப்போகிறது" என்று எண்ணுவதற்கு ஒரு கணம் கிடைக்கிறது. அதன் பின்னரே அந்தக் கொடிய வலி வந்து சேருகிறது. பருத்த இழையிலே செய்தி விநாடிக்கு 50 மீட்டர் அளவில் ஓடுகிறது. மிக மெல்லிய இழையிலே விநாடிக்கு ஏறத்தாழ 1 மீட்டர் தான். ஒரே இடிக்கு இரண்டு தூதர்கள் புறப்பட்டு, ஒருவர் முந்தியும் ஒருவர் பிந்தியும் வருகின்றனர். இத்தூதர்களுள் ஒருவர் மட்டும் நோயுற்றால் என்ன ஆகும் என்பதே நம் கேள்வி.

தொழுநோயில் நடப்பது

தொழுநோய்க் கிருமியை 1873ஆம் ஆண்டில் நார்வே நாட்டு மருத்துவர் ஹான்சன் கண்டறிந்தார். இக்கிருமிக்கு ஒரு விந்தையான இயல்பு உண்டு. உடம்பின் உள்ளே இருக்கும் 37 பாகை வெப்பம் அதற்கு மிகுதி. சற்றுக் குளிர்ந்த இடத்தையே அது நாடும். ஆதலின் காது மடல், முழங்கையின் புறப்பக்கம், முன்கையின் வெளிப்புறம், புறங்கை, பாதத்தின் மேற்புறம் போன்ற இடங்களில் அது குடியேறுகிறது. அங்கே நரம்பிழைகளைச் சுற்றிக் காக்கின்ற உயிரணுக்களுக்குள்ளேயே புகுந்து தங்குகிறது.

தோலுக்குள் இருக்கும் நுனிகள் பெரும்பாலும் மெல்லிய இழைகள். ஆகவே முதலில் போவது சூடு, குளிர்ச்சி ஆகியவற்றை அறியும் திறன். அடுத்து நோவு. தொடுதலுணர்ச்சி வழக்கமாக அவற்றுக்குப் பின்னரே குறைகிறது. வெளுத்தோ சிவந்தோ ஒரு தேமல், அங்கே வியர்வை இல்லை, தொட்டால் ஓரளவு தெரிகிறது, சுட்டால் தெரிவதில்லை. தசைகளும் மூட்டுகளும் ஆழத்தில் வெதுவெதுப்பாக இருப்பதனால், அவற்றிலிருந்து வரும் செய்தி கெடுவதில்லை. இந்நோயாளி கண்ணை மூடிக்கொண்டும் தள்ளாடாமல் நிற்பார். கை தன் வேலையைச் செய்கிறது, பிடிக்கிறது, தூக்குகிறது. சூட்டை மட்டும் அறிவதில்லை. இதுவே இதன் சூழ்ச்சி.

தோலோடு நில்லாமல் நோய் பெருநரம்புகளுக்கும் ஏறுவதுண்டு. முழங்கையின் உட்புறம் எலும்பை ஒட்டி ஒரு நரம்பு ஓடுகிறது. அங்கே இடித்துக்கொண்டால் சுண்டு விரல் வரை "சுரீர்" என்று பாய்வது அதனாலேயே. அது தோலுக்கு அருகில், குளிர்ந்த இடத்தில் இருக்கிறது. அது தடித்து வீங்கிக் கெடும்போது மெல்லியவை, பருத்தவை என்ற வேறுபாடின்றி எல்லா இழைகளும் சேர்ந்து கெடும். சுண்டு விரலும் மோதிர விரலும் முழுதும் மரத்து, தசை மெலிந்து, விரல்கள் கொக்கி போல் வளையும். வளைந்த விரலின் நுனியிலேயே எல்லா அழுத்தமும் விழும். காயம் அங்கே பிறக்கிறது.

விரல்கள் நோயினால் அழுகி விழுகின்றன என்றே உலகம் நெடுங்காலம் நம்பியது. 1946இல் வேலூர்க் கிறித்துவ மருத்துவக் கல்லூரிக்கு வந்த பால் பிராண்டு என்னும் அறுவை மருத்துவர் அந்நம்பிக்கையை ஐயுற்றார். நோயாளிகளின் காயங்களை ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதி, காரணம் தேடினார். துருப்பிடித்த பூட்டைத் தம்மால் திறக்க முடியாதபோது ஒரு சிறுவன் சாவியை எளிதில் திருப்பியதையும், பின்பு அவன் விரல் எலும்பு தெரியக் கிழிந்திருந்ததையும் அவர் கூறியிருக்கிறார். சிறுவனுக்கு வலிமை மிகுதி அன்று. "போதும், நிறுத்து" என்று சொல்லும் நோவு அவனுக்கு இல்லை. உறங்கும்போது எலி கடித்தும் சிலர் விரல் இழந்தனர் என்பதும் தெரியவந்தது. சதை நல்ல சதையே. காவலாள் தான் இல்லை என்பது அவர் கண்ட முடிவு. 1966இல் அவர் அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில் கார்வில் என்ற ஊரிலிருந்த தொழுநோய் மருத்துவமனைக்குச் சென்றார். நீரிழிவுக்காரர் பாதத்திலும் இதே கதைதான் நடக்கிறது என்று அங்கே கண்டு, தொழுநோயில் கற்றதை அவர்களுக்கும் பயன்படுத்தினர். இன்று நீரிழிவு மருத்துவர் காலில் அழுத்திப் பார்க்கும் நைலான் இழை கார்விலில் வழக்கிற்கு வந்ததே. 10 கிராம் அழுத்தத்தில் அது வளையும். அந்த அளவு தெரியாத பாதத்துக்குக் காவல் இல்லை என்று பொருள்.

நீரிழிவில் நடப்பது

நீரிழிவு, குளிர்ந்த இடத்தைத் தேடுவதில்லை. நீண்ட நரம்பைத் தேடுகிறது. உடம்பிலே மிக நீளமான இழைகள் கால் விரல் நுனிக்குச் செல்பவை. ஆகவே இரு கால்களிலும் ஒன்றுபோல விரல் நுனியிலே தொடங்கி, காலுறை அணிவது போல மேலே ஏறுகிறது. முழங்காலை நெருங்கும் காலத்தில்தான் கைவிரல் நுனிகளில் தொடங்கும்.

இங்கே இரு வகை இழைகளும் கெடும். ஆனால் ஆளுக்கு ஆள் விகிதம் வேறு. பலருக்கு மெல்லியவை முன்னே கெடுகின்றன. சிலருக்குப் பருத்தவையே பெரிதும் கெடுகின்றன. ஆண்டுகள் செல்லச் செல்லப் பெரும்பாலோருக்கு இரண்டும் போகின்றன.

ஒரே வீட்டில் மூவர்

எடுத்துக்காட்டாக ஒரு வீட்டைக் கற்பனை செய்துகொள்வோம். நம் குடியிருப்பைப் போன்ற ஒரு குடியிருப்பு. வடநாட்டு மார்கழிக் குளிர். ஓய்வு பெற்ற ஒரு பெரியவர். பதினைந்து ஆண்டுகளாக நீரிழிவு. அவர் துணைவியாருக்கு ஆறு ஆண்டுகளாக நீரிழிவு. சமையலுக்கு வரும் அம்மையார் ஒருவர்.

பெரியவருக்கு ஒரு நாள் செருப்பு வழியில் கழன்றுபோயிற்று; பத்தடி நடந்த பின்னர், பிறர் சொல்லித் தெரிந்தது. முகத்தில் சோப்புப் போட்டுக் கண்ணை மூடினால் தள்ளாடுகிறார், சுவரைப் பிடித்துக்கொள்கிறார். ஆனால் வெந்நீர் காலில் பட்டால் "சூடு" என்று உடனே விலகுகிறார். ஆகவே கால் நன்றாக இருக்கிறது என்பது அவர் எண்ணம். மருத்துவர் இசைக்கவையை அதிரச் செய்து கட்டைவிரல் எலும்பில் வைத்தார், அதிர்வு தெரியவில்லை. குதிகால் தசைநாணைத் தட்டினார், பாதம் துள்ளவில்லை. நைலான் இழையும் தெரியவில்லை. பருத்த இழைகள் போய்விட்டன. இவருக்குச் சூட்டால் வரும் ஆபத்துக் குறைவு. அழுத்தத்தால் வருவதே பெரிது. செருப்புக்குள் கிடந்த சிறு கல், இறுக்கமான புதுச் சோடு, முன்பாதத்தின் அடியில் தடித்த காய்ப்பு ஆகியவை இவருக்குப் பகை. அழுத்தம் தெரிகிறவர் நடக்கையிலே அறியாமலேயே அடியை மாற்றி வைத்துப் பளுவைப் பிரித்துக்கொள்வார். இவரோ ஒரே இடத்தில் ஆயிரம் அடி வைக்கிறார். காய்ப்பின் நடுவே கறுத்த புள்ளி தோன்றினால், அடியில் இரத்தம் கட்டிப் புண் பிறந்துவிட்டது என்று கொள்ளவேண்டும்.

துணைவியார் கதை வேறு. இரவிலே பாதம் தீயாய் எரிகிறது. போர்வை பட்டாலும் பொறுக்கவில்லை. செருப்புக் கழன்றால் தெரிகிறது, இசைக்கவை தெரிகிறது, நைலான் இழை தெரிகிறது. பெருநரம்பில் மின்சாரம் செலுத்திச் செய்யும் பரிசோதனையும் பழுதில்லை என்றே சொல்லிற்று, ஏனெனில் அப்பரிசோதனை பருத்த இழைகளை மட்டுமே அளக்கும். "இவ்வளவு எரிகிற காலுக்கு உணர்ச்சி மிகுதியாக அல்லவா இருக்கிறது!" என்று வீட்டார் நினைத்தனர். இங்கேதான் மயக்கம். எரிச்சல் என்பது உணர்ச்சி அன்று. அழிந்துகொண்டிருக்கும் மெல்லிய இழைகள் எழுப்பும் பொய்க் கூக்குரல். உள்ளே எரியும் அதே கால் வெளியிலிருந்து வரும் சூட்டை அறியாது. அவர் குளிருக்கு வெந்நீர்ப் பையைப் பாதத்தடியில் வைத்து உறங்கினார். 44 பாகை வெப்பம் கையால் தொட்டால் இதமாகவே இருக்கும். ஆனால் ஆறு மணி நேரம் ஓரிடத்தில் அசையாமல் இருந்தால் அதுவும் தோலைச் சுடும். நமக்கானால் சிறிது நேரத்தில் உறக்கத்திலேயே கால் விலகும். அவர் கால் விலகவில்லை. காலையிலே கொப்புளம், அதுவும் போர்வையில் ஈரம் பட்டதைக் கண்டபின்தான் தெரிந்தது. மெல்லிய இழை போனதால் வியர்வையும் இல்லை. குதிகால் வறண்டு வெடித்து, அவ்வெடிப்பு கிருமிக்கு வாயிலாயிற்று.

சமையல் அம்மையாருக்கு இடது முன்கையின் வெளிப்புறத்தில் வெளுத்த ஒரு தேமல். அங்கே அடிக்கடி சூட்டுக் கொப்புளம். அடுப்பிலிருந்த பாத்திரத்தின் விளிம்பு பட்டிருக்கும். "எப்போது பட்டது என்றே தெரியவில்லை, அம்மா" என்றார். அவருக்கு நீரிழிவு இல்லை. இருந்திருந்தாலும், கால் நன்றாக இருக்க ஒரு கை மட்டும், அதிலும் ஒரு திட்டு மட்டும் மரத்துப்போவது நீரிழிவின் வழக்கம் அன்று. தேமலைப் பஞ்சால் தொட்டால் ஓரளவு தெரிந்தது. குளிர்ந்த நீர், வெதுவெதுப்பான நீர் நிறைந்த இரு சோதனைக் குழாய்களை வைத்தபோது, எது எது என்று சொல்ல இயலவில்லை. முழங்கை நரம்பு கயிறு போல் தடித்திருந்தது. இது தொழுநோய்.

மூவரும் "மரத்துப்போயிற்று" என்ற ஒரே சொல்லையே சொன்னார்கள். ஒருவருக்குக் கல் பகை. ஒருவருக்கு வெந்நீர்ப் பை பகை. ஒருவருக்கு அடுப்பு பகை.

வீட்டிலே அறியும் வழி

தொடுதலைப் பார்க்க எளிய முறை ஒன்று உண்டு. காலுறையைக் கழற்றிவிட்டுக் கண்ணை மூடச் சொல்லுங்கள். ஒவ்வொரு காலிலும் கட்டைவிரல், நடுவிரல், சுண்டு விரல் ஆகியவற்றின் நுனியைச் சுட்டு விரலால் மிக மெல்ல, ஓரிரு விநாடி தொடுங்கள். அழுத்தாதீர்கள், தட்டாதீர்கள், தேய்க்காதீர்கள். ஆறு இடங்களில் இரண்டோ அதற்கு மேலோ தெரியவில்லையெனில், அந்தப் பாதம் ஆபத்தில் இருக்கிறது. ஆனால் இது பருத்த இழைகளுக்கான சோதனை என்பதை மறவாதீர்கள். துணைவியார் இதில் முழு மதிப்பெண் பெறுவார்.

ஆகவே இரண்டாவது சோதனையும் வேண்டும். இரு எவர்சில்வர் தம்ளர்களில் ஒன்றில் குளிர்ந்த நீரும், மற்றொன்றில் உணர்ச்சி உள்ளவர் கையால் தொட்டு உறுதி செய்த வெதுவெதுப்பான நீரும் ஊற்றுங்கள். வெந்நீர் வேண்டா. தம்ளரின் புறத்தைப் பாதத்தின் மேலும், தேமலின் மேலும் மாற்றி மாற்றி வைத்துக் கேளுங்கள். முதலில் நல்ல இடத்தில் வைத்துக் காட்டிவிட்டுத் தொடங்குவது நன்று. ஊசியால் குத்திப் பார்ப்பதை மருத்துவருக்கு விட்டுவிடுங்கள்.

இவை மருத்துவரிடம் போகவேண்டுமா என்பதைக் காட்டுமேயன்றி, என்ன நோய் என்று காட்டா. நீரிழிவுக்கு மெட்ஃபார்மின் மாத்திரையை நெடுநாள் உண்பவருக்கு உயிர்ச்சத்து பி12 குறைந்தும் பருத்த இழைகள் கெடுவதுண்டு. அதற்குத் தனி மருந்து இருக்கிறது. எல்லா மரப்பையும் சர்க்கரையின் தலையில் ஏற்றிவிடக் கூடாது.

காவலாள் இல்லாத காலுக்குக் காவல்

நோவு செய்த வேலையைக் கண்ணும் கையும் செய்யவேண்டும். இரவிலே படுக்கப்போகுமுன் பாதத்தின் அடியைக் கண்ணாடி வைத்துப் பாருங்கள், அல்லது வீட்டிலுள்ளவரைப் பார்க்கச் சொல்லுங்கள். சோட்டுக்குள் கைவிட்டுத் தடவிய பின்னரே காலை நுழையுங்கள். இரு பாதங்களையும் புறங்கையால் தொட்டு ஒப்பிடுங்கள். ஓரிடம் மட்டும் மற்றக் காலின் அதே இடத்தைவிடத் தெளிவாகச் சூடாக இருந்தால், புண் தோன்றுமுன்னரே உள்ளே அழற்சி தொடங்கிவிட்டது என்பது பிராண்டும் அவர் கூட்டத்தாரும் கற்பித்த பாடம். அன்றே நடையைக் குறைத்து மருத்துவரிடம் காட்டவேண்டும். குளிக்கும் நீரின் சூட்டை உணர்ச்சி கெட்டவர் தாமே பார்க்கலாகாது. வெந்நீர்ப் பையும் அறைக் கணப்பும் காலருகே வேண்டா. கம்பளிக் காலுறை போதும்.

வறண்ட தோலுக்கு ஓர் எச்சரிக்கை. தொழுநோய் நிலையங்களில் கையையும் காலையும் பச்சைத் தண்ணீரில் ஊறவைத்து, ஈரம் உலருமுன் எண்ணெய் தடவச் சொல்வது வழக்கம். நீரிழிவுப் பாதத்தை நெடுநேரம் ஊறவைத்தல் ஆகாது. விரலிடுக்கு நைந்து புண்ணாகும். கழுவி, இடுக்குகளைத் துடைத்து உலர்த்தி, குதிகாலிலும் அடியிலும் மட்டும் எண்ணெய் தடவுக.

இழந்த உணர்ச்சி திரும்புமா என்று கேட்பீர்கள். நீரிழிவில் சர்க்கரையை அடக்கினால் கேடு மெல்லவே நகரும். போனது முழுதும் மீள்வது அரிது. எரிச்சலைத் தணிக்கும் மாத்திரைகள் உண்டு. அவை எரிச்சலை ஆற்றுமேயன்றி நரம்பைத் திருப்பித் தருவதில்லை; ஆகவே எரிச்சல் நின்றது என்று காவலைக் கைவிடக் கூடாது. தொழுநோயில் நரம்புக் கேடு தொடங்கி ஆறு மாதத்துக்குள் ஸ்டீராய்டு மருந்து கொடுத்தால் பலருக்கு ஓரளவு மீள்கிறது. ஆறு மாதம் கடந்தால் வாய்ப்புக் குறைவு. கிருமியையோ முற்றிலும் ஒழிக்கலாம். உலக நலவாழ்வு அமைப்பு 1981 முதல் பரிந்துரைத்து வரும் கூட்டு மருந்து, நோயின் அளவுக்கேற்ப ஆறு மாதமோ ஓராண்டோ, அரசு மருத்துவமனைகளில் இலவசமாகக் கிடைக்கிறது. மருந்து தொடங்கிய சில நாட்களிலேயே நோய் பிறருக்குப் பரவும் தன்மை ஏறத்தாழ முழுதும் நீங்கிவிடுகிறது.

ஆகவே நாம் கற்பனை செய்த வீட்டில், அந்த அம்மையாரை வேலையினின்று நீக்கவேண்டிய காரணம் எதுவும் இல்லை. நீக்கிவிட்டால் அவர் தேமலை மறைப்பார், மறைக்கும் ஆறு மாதத்தில் முழங்கை நரம்பு போய்விடும், விரல்கள் வளைந்துவிடும். வேலையில் வைத்துக்கொண்டு, மருத்துவமனைக்கு அழைத்துச் சென்று, அடுப்படிக்கு நீண்ட பிடியுள்ள கரண்டியும் தடித்த கைத்துணியும் வாங்கிக் கொடுத்தால் அவர் கை அவருக்கு நிலைக்கும். நம் நாட்டில் தொழுநோய் ஒழிந்துவிட்டது என்று எண்ணுவோரும் உளர். 2005ஆம் ஆண்டின் இறுதியில் நாம் எட்டியது, பத்தாயிரம் பேருக்கு ஒருவருக்கும் குறைவு என்ற எல்லையைத்தான். உலகில் ஆண்டுதோறும் புதிதாகக் கண்டறியப்படும் தொழுநோயாளிகளுள் பாதிக்கு மேற்பட்டோர் இன்றும் நம் நாட்டினரே.

இன்றிரவு வீடு சென்றதும் பெற்றோரின் காலுறையைக் கழற்றிப் பாருங்கள். ஆறு விரல் நுனிகளைத் தொட்டுக் கேளுங்கள். பிறகு இரண்டு தம்ளர்களை எடுத்து வாருங்கள். தொட்டது தெரிந்தது என்பதோடு நின்றுவிடாதீர்கள்.